விரலளவு கோபுரம்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற போன்களை ரூபீனா அவ்வளவாக நம்புவதில்லை. காலையில் கூப்பிடுகிறவர்களுக்கு ஊர் தெரியும், தேதி தெரியும், ரயிலின் பெயர்கூடத் தெரியும். மத்தியானத்தில் கூப்பிடுகிறவர்கள் பாதித் தூக்கத்தில், ஏதோ ஒரு நினைப்பில் கூப்பிடுகிறவர்கள். "எங்கயாச்சும் போகணும்" என்பார்கள். எங்கே என்று கேட்டால் "நீங்களே சொல்லுங்களேன்" என்பார்கள். உள்ளதைச் சொன்னால், அவளுக்குப் பிடித்ததும் அந்தப் போன்கள்தான்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அந்த டிராவல்ஸ் இருந்தது. நான்கு சுவரிலும் போஸ்டர்கள். பனி மலை, படகு வீடு, தேயிலைத் தோட்டம், ஒட்டகம். மின்விசிறிக் காற்றில் ஒட்டகம் மட்டும் லேசாகத் தலையாட்டிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் அதன் கீழ்முனையில் டேப் விட்டுப்போயிருந்தது. அதை ஒட்டச் சொல்லி முதலாளி குலாம் ரசூலிடம் ரூபீனா சொல்லாத நாள் கிடையாது. அவர் எங்கே ஒட்டினார்!

போனை எடுத்தாள். முதலில் காற்றுதான் பேசியது. பிறகு காக்கை. பிறகு தொண்டையைச் செருமும் சத்தம்.

"இன்னாம்மா, இது டூர் கம்பெனிதான?"

"ஆமாண்ணே, சொல்லுங்க. உங்க பேரு?"

"செபஸ்தியான். பட்டினப்பாக்கம். எனக்கு ரெண்டு டிக்கெட் வோணும்."

"எந்த ஊருக்குண்ணே?"

"அது... நல்ல ஊரா பாத்துப் போடும்மா."

ரூபீனா கண்ணை மூடிக்கொண்டாள். இது அவளுடைய பழக்கம். பேசுகிறவர் போகப்போகிற ஊரை மூடிய கண்ணுக்குள் பார்ப்பாள். அவர்கள் தெளிவில்லாமல் சொன்னால் அங்கே வெறும் மஞ்சு, பனிமூட்டம் மாதிரி. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வர வர மஞ்சு விலகி, ஒரு மரம், ஒரு பாதை, ஒரு ஜன்னல் என்று தெரிய ஆரம்பிக்கும். வேலை நேரத்தில் கண்ணை மூடுகிறாளே என்று குலாம் ரசூலுக்கு எரிச்சல்தான். ஆனால் இவள் அனுப்பி வைத்தவர்கள் யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை என்பதால் வாயைத் திறக்கமாட்டார்.

"யாரு யாருண்ணே போறீங்க?"

"நானும் எங்க ஊட்டுக்காரியும். ரோஸி. அவளுக்குத் தெரியாது, சொல்லாம இட்னு போவணும்."

"எப்ப போகணும்?"

"சீக்கிரம்."

"சீக்கிரம்னா இந்த வாரமா, பங்குனியிலயா? ஸ்கூல் லீவு வுட்டாங்கன்னா ரயில்ல இடமே கிடைக்காது, அதான் கேக்குறேன்."

"லீவு வரைக்கும் தாங்காதும்மா" என்றார் அவர். சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. ரூபீனா அதைக் கேட்டுக்கொண்டாள், ஆனால் உடனே தோண்டவில்லை. சில கேள்விகளைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். எடுத்த எடுப்பில் கேட்டால் ஆள் மூடிக்கொள்வார்.

"சரிண்ணே. எத்தன நாளு ஊட்ட வுட்டு இருக்க முடியும்?"

"மூணு நாளு. அதுக்கு மேல போட்டுல பங்காளி திட்டுவாரு."

"மீன் தொழிலா?"

"பின்ன? பைபர் போட்டு. நானும் மண்ணாங்கட்டி அண்ணனும் சேந்து வச்சிக்கீறோம். அவ மார்க்கெட்ல விப்பா. இப்ப ரெண்டு மாசமா போறதில்ல."

குலாம் ரசூல் எதிர் மேசையிலிருந்து இரண்டு விரலை நீட்டிக் காட்டினார். ரூபீனா அரைக்கண் திறந்து பார்த்தாள். வெள்ளிக்கிழமை கிளம்பும் கொடைக்கானல் வேனில் இரண்டு சீட் காலியாக இருந்தது. இரண்டு பேர், மூன்று நாள், சீக்கிரம். சாவி பூட்டுக்குள் தானாகப் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ரூபீனாவின் மூடிய கண்ணுக்குள் ஏரியும் பைன் மரமும் வந்து நின்றேவிட்டன.

"அக்காவுக்கு மலை பிடிக்குமாண்ணே?"

"பிடிக்கும்னு நெனைக்கிறேன்."

"பஸ்ஸுல வளைஞ்சு வளைஞ்சு ஏறினா வாந்தி வருமா?"

"வேளாங்கண்ணிக்குப் போறதுக்குள்ளயே ரெண்டு தபா எடுப்பா. அது நேர் ரோடு."

பைன் மரம் ஒன்று கரைந்துபோனது.

"படி ஏறுவாங்களா? நெறைய நடக்கணும்னா முடியுமா?"

காற்று மட்டும் வந்தது. ஒரு அலை உடைந்தது, அடுத்ததும் உடைந்தது. லைன் கட்டாகிவிட்டதோ என்று ரூபீனாவுக்குச் சந்தேகம் வந்தது.

"கால்லாம் நல்லாத்தான் கீது" என்றார் செபஸ்தியான் கடைசியில். "கண்ணுதான். கண்ணுக்குள்ள தண்ணி அழுத்தமாம். ரொம்ப நாளாவே இருந்திருக்குது, எங்களுக்குத்தான் தெரில. சுத்திலும் இருட்டாய்ட்டு வந்துக்கினு கீது. நடுவால மட்டும் ஒரு ஓட்ட மாரி தெரியுதாம். சொட்டு மருந்து போட்டா மீதி கொஞ்ச நாளு தங்கும், போனது வராதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அந்த ஓட்டையும் சின்னதாய்க்கினே வருதும்மா. அது மூடுறதுக்குள்ள எதுனா ஒண்ணு, அழகா, பெருசா காட்டிடணும். அவ்ளோதான் எனக்கு."

ரூபீனா கண்ணைத் திறந்துவிட்டாள். சுவரில் பனி மலையும் ஒட்டகமும் இருந்த இடத்திலேயே இருந்தன, ஆனால் ஒன்றையும் பார்க்கப் பிடிக்கவில்லை. இரண்டு விரலைத் தாழ்த்தாமல் உட்கார்ந்திருந்த குலாம் ரசூலைப் பார்த்து, இல்லை என்று தலையசைத்தாள். அவர் இரண்டு கையையும் விரித்து "கேள்வி கேட்டுக் கேட்டே கஸ்டமர ஓட்டிடு" என்று முணுமுணுத்தார்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க, இன்னும் கொஞ்சம் கேக்கணும். அவங்களுக்குக் கிட்ட இருக்கிறது நல்லாத் தெரியுதா, தூரத்துல இருக்கிறதா?"

"அதான் வேடிக்க. எதுத்தாப்புல நிக்கிறவன் மூஞ்சி துண்டு துண்டாத் தெரியுதாம், கால்கிட்ட கீற குடம் தெரியாது, எட்டி ஒதச்சிடுவா. தூரத்துல போற கப்பலக் கரெக்டா சொல்லுவா."

"வெளிச்சம் கம்மியா இருந்தா?"

"சாய்ந்தரமானா கைய பிடிச்சிக்கினுதான்."

"அப்ப மலை வேணாம்ணே. மலையில மஞ்சு எறங்கிடுச்சுன்னா கண்ணு நல்லா இருக்கிறவங்களுக்கே ஒண்ணும் தெரியாது. படியும் மேடும் பள்ளமுமா இருக்கும். நீங்க நாலு பேர மாதிரி காசக் குடுத்துட்டு, அக்காவ ரூம்லயே உக்கார வச்சிட்டு வருவீங்க."

"அப்ப இன்னாம்மா பண்ணலாம்?"

அந்தக் குரலில் இருந்த கலக்கம் அவளை என்னவோ செய்தது. பட்டென்று ஏதாவது ஓர் ஊரைச் சொல்லி அவரைத் தேற்றிவிட வேண்டும் போலிருந்தது. கேரளத்தில் குமரகத்துப் படகு வீடு சொல்லலாம். படி கிடையாது, வளைவு கிடையாது. ஆனால் தண்ணீரிலேயே வாழ்கிற மனுஷனைப் பார்த்துத் தண்ணீருக்குப் போங்கள் என்பதா? நாக்கைக் கடித்துக்கொண்டு, இதுவரை கேட்டதை அவரிடமே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"நான் சொல்றது சரியா பாருங்கண்ணே. நீங்க ரெண்டு பேரு. சீக்கிரம் போகணும், மூணு நாளுக்கு மேல முடியாது. வளைவு ரோடு ஆகாது, படி ஆகாது, இருட்டு ஆகாது. தூரத்துல இருக்கிறதா, நல்ல வெளிச்சத்துல இருக்கிறதா ஒண்ண அக்கா பாக்கணும். சரியா?"

"அப்டியே சரி."

"எதப் பாக்கணும்னு மட்டும் இன்னும் தெரியல. மலை பிடிக்குமான்னு கேட்டேன், நெனைக்கிறேன்னு சொன்னீங்க. அக்காவக் கேட்டீங்களா?"

"கேட்டா தெரிஞ்சிடுமே! சொல்லாம இட்னு போவணும்னு சொன்னேனே."

"அண்ணே, எனக்குத் தெரியாம யாராச்சும் எனக்கு டிக்கெட் போட்டா எனக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும். ஆனா எனக்கு அடுத்த வருஷமும் பாக்கக் கண்ணு இருக்கும். அக்காவுக்கு இது ஒருவாட்டிதான். நீங்க ஆசப்பட்டது ஒண்ணு, அவங்க ஆசப்பட்டது ஒண்ணா இருந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

சொன்ன பிறகுதான், கொஞ்சம் அதிகம் பேசிவிட்டோமோ என்று உறைத்தது.

"எங்க போலாம்னு கேக்காதீங்க" என்றாள் மெதுவாக. "அப்படிக் கேட்டா எங்கயும் வேணாம், செலவு எதுக்குன்னுதான் பதில் வரும். எதப் பாக்காம வுட்டுட்டோமேன்னு உனக்கு இருக்குதுன்னு கேளுங்க. கேட்டுட்டுக் கூப்பிடுங்க, நான் இங்கதான் இருப்பேன்."

அவர் போனை வைத்துவிட்டார். அன்றைக்கு மாலை வரை குலாம் ரசூல் அவளிடம் பேசவே இல்லை. மாலையில் டீ வந்தபோது "கொடைக்கானல்னா கேக்க வேண்டியதே இல்ல, எல்லாருக்கும் பிடிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டார்.

மறுநாள் அதே தூங்குமூஞ்சி நேரத்தில் போன் அடித்தது. ரூபீனா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கேட்டேன்" என்றார் செபஸ்தியான். குரலில் கோபமா, அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. "நீ கேக்கச் சொன்ன மாரியே கேட்டேன். ராத்திரி சோறு போட்டுக்கினே சொல்றா. அது உங்க ஆபீஸ்ல கெடைக்காதும்மா. வுடு."

"என்னன்னு சொல்லுங்கண்ணே. கிடைக்குமான்னு அப்புறம் பாக்கலாம்."

"நான் கரைக்கு வந்தா இவ கேப்பா, எங்க பட்டுது மீனுன்னு. நான் சொல்லுவேன், சாந்தோம் சர்ச்சு கோபுரம் வெரலளவுக்குத் தெரியிற எடத்துலன்னு. எங்களுக்கு அதான் கணக்கு. கோபுரம் எவ்ளோ சிறுத்துக்கீது, அதுக்குப் பின்னால பரங்கிமலை எந்தப் பக்கம் நிக்கிது, அத வச்சித்தான் எடம் பிடிப்போம். கல்யாணம் ஆன நாளா இதயே சொல்லிக்கினு கீறேன். அதுக்கு இவ, அந்தக் கோபுரத்த வெரலளவுல நான் ஒரு நாளும் பாத்ததில்லயே, நீ தெனம் போற எடத்த நான் பாத்ததே இல்லயேன்றா. வித்த மீனெல்லாம் எங்கேர்ந்து வந்துதுன்னு பாக்கணுமாம்!"

ரூபீனா கண்ணை மூடினாள். மஞ்சு இல்லை. மலை இல்லை. தட்டையான நீலத் தண்ணீர், அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒன்று. அவளே பிறந்ததிலிருந்து திருவல்லிக்கேணியில் கிடக்கிறாள், கடற்கரையில் சுண்டல் தின்னாத வாரம் கிடையாது. கடலிலிருந்து ஊரைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"அதுக்கு என்னண்ணே? உங்க போட்டுதான்."

"அய்ய, புரியாம பேசாத பாப்பா. எங்கப் பக்கம் பொம்பளைங்க போட்டுல ஏற மாட்டாங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து அப்டித்தான். ஏறினா தொழில் படுத்துடும்பாங்க. நான் நம்புறனா இல்லயான்றது வேற. நாளைக்கு வலை காலியா வந்துதுன்னா குப்பமே அவள இல்ல சொல்லும்? கண்ணும் போயி இந்தப் பேச்சும் வாங்கணுமா அவ?"

நியாயமான பேச்சுதான். ஆனால் கட்டுப்பாடு என்று யாராவது சொன்னால், அது எதுவரை என்று கேட்காமல் இருக்க அவளால் முடியாது. விமானத்தில் பெட்டி கூடாது என்பார்கள், எந்த அளவுப் பெட்டி கூடாது என்று கேட்டால்தான் எந்தப் பெட்டி போகும் என்று தெரியும். அந்தப் புத்தி இங்கேயும் வேலை செய்தது.

"அண்ணே, எது கூடாது? பொம்பளைங்க கடலுக்குப் போறதா, இல்ல தொழிலுக்குப் போற போட்டுல ஏறுறதா?"

"ரெண்டும் ஒண்ணுதான."

"ஒண்ணா? வலை ஏத்தாம, மீன் பிடிக்காம, சொம்மா அந்தப் போட்டு தண்ணியில போனா அது தொழிலா?"

செபஸ்தியான் யோசித்தார். அவர் யோசிப்பது அலைச் சத்தத்துக்கு நடுவே கேட்டது என்றே சொல்லலாம்.

"திருவிழாவுல மாதா சுரூபத்த வச்சி ஒரு தபா போனோம்" என்றார் இழுத்து. "அப்ப வலைய எறக்கிட்டுத்தான் ஏத்தினோம். சின்னப் பொண்ணுங்க ரெண்டு பேரு பூவோட ஒக்காந்திருந்தாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல."

"ஞாயித்துக்கிழமை தொழிலுக்குப் போவீங்களா?"

"ஞாயிறு போவ மாட்டோம். பூசைக்குப் போவோம்."

"அப்ப வலைய எறக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை?"

அந்த மனுஷன் சிரித்தார். முதல்முறையாகச் சிரித்தார்.

"மண்ணாங்கட்டி அண்ணனக் கேக்கணும். பாதி போட்டு அவருது."

"கேளுங்க. அதுக்கு முன்னாடி எனக்கு இன்னும் தெரியணும்" என்றாள் ரூபீனா, நிமிர்ந்து உட்கார்ந்து. எதிர் மேசையில் குலாம் ரசூல் கணினியைப் பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு காதை இங்கே வைத்திருந்தார். "கோபுரத்து மேல வெயிலு எப்ப விழும்?"

"காலைல. கடல்லேர்ந்துதான சூரியன் வருது? மொதப் பூசை முடிஞ்சி எறங்கினா பளிச்சுனு தெரியும்."

"இப்ப கடல் எப்படி இருக்கு?"

"மாசி மாசம், குளம் மாரி கெடக்குது. காத்து எழும்புறதுக்குள்ள திரும்பிடலாம்."

"அலையில எப்படி ஏத்துவீங்க? கால்கிட்ட இருக்கிறது அவங்களுக்குத் தெரியாதே."

"மணல்லயே போட்டுல ஒக்கார வச்சிடுவேன். பசங்க தள்ளி எறக்கிடுவாங்க."

"லைப் ஜாக்கெட் இருக்கா?"

"கீது. ஆனா யாரு போடறாங்க..."

"அக்கா போடுவாங்க. நீங்களும் போடுவீங்க. இல்லன்னா இந்த டூர நான் புக் பண்ண மாட்டேன்."

"சரி தாயே!" என்றார் அவர். "இதுக்கு உனுக்கு இன்னா குடுக்கணும்?"

"அங்க போயிட்டு ஒரு போன் பண்ணுங்க. சிக்னல் இருக்குமா?"

"வெரலளவு எடத்துல நல்லா எடுக்கும்."

போனை வைத்ததும் குலாம் ரசூல் தொண்டையைக் கனைத்தார். இரண்டு சீட்டைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று ரூபீனா பதிலைத் தயாராக வைத்திருந்தாள். அவரோ "அந்தம்மாவுக்கு வாந்தி மாத்திரை ஒண்ணு முன்னாடியே போடச் சொன்னியா?" என்று கேட்டார். சொல்லவில்லை. ஐயோ, அதைப்போய் எப்படி விட்டோம்! உடனே திரும்ப அழைத்துச் சொன்னாள். அழைத்தது நல்லதாய்ப் போயிற்று, ஏனென்றால் அதற்குள் அங்கேயே கரையில் இருந்த பங்காளியின் முடிவும் வந்துவிட்டிருந்தது. மண்ணாங்கட்டி பீடியை வாயிலிருந்து எடுக்காமல் "வலை ஏறுமா?" என்றாராம். ஏறாது என்றதும் "அப்ப அது போட்டு இல்ல, ஆட்டோ. எங்க வோணா ஓட்டு" என்றாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ரூபீனா மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மனசு ஒரு நிலையில் இல்லை. ஒரே புடவையை இரண்டு தடவை உதறினாள். எத்தனையோ பேரைக் காஷ்மீருக்கும் துபாய்க்கும் அனுப்பியிருக்கிறாள், அப்போதெல்லாம் இப்படிப் பயந்ததில்லை. காற்று எழும்பிவிட்டால்? அந்த அம்மாள் பயந்துபோய்த் திரும்பச் சொல்லிவிட்டால்? போய்ச் சேர்ந்தும் ஒன்றும் தெரியாமல் போய்விட்டால்? இருந்த ஒரே ஆசையையும் நாமே கிளப்பிவிட்டுக் கெடுத்த மாதிரி ஆகிவிடுமே. மசூதிப் பக்கத்திலிருந்து புறாக்கள் எழும்பி, வெயிலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அங்கேயே இறங்கின.

போன் அடித்தது. கைவிரல்களில் ஈரம், இரண்டு தடவை தேய்த்த பிறகுதான் எடுக்க முடிந்தது.

"பாப்பா" என்றார் செபஸ்தியான். மெதுவாக, கோயிலுக்குள் நின்று பேசுகிறவர் மாதிரி. "வந்துட்டோம். இஞ்சின நிறுத்திட்டேன்."

"அக்கா நல்லா இருக்காங்களா?"

"அவகிட்டயே கேளு."

போன் கை மாறியது. போட்டின் பக்கத்தில் தண்ணீர் தட்டுகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். அத்தனை பெரிய கடல் அவ்வளவு சின்னச் சத்தம் போடும் என்று ரூபீனா நினைத்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரோஸிக்கா, நான் டிராவல்ஸ் ரூபீனா. கோபுரம் தெரியுதா?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. தெரியவில்லையோ? இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாதோ? ரூபீனா கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இருந்தும், தனக்குத் தெரிந்த வேலை கேட்பது ஒன்றுதானே என்று மறுபடி கேட்டாள்.

"என்ன தெரியுதுக்கா? சொல்லுங்களேன்."

"நான் தெனம் அந்தக் கோயிலுக்குப் போறவம்மா" என்றாள் ரோஸி. மார்க்கெட்டில் கூவிக் கூவித் தடித்த குரல், இப்போது நிதானமாக வந்தது. "வாசல்ல நின்னு அண்ணாந்து பாப்பேன். கொஞ்ச நாளா அடி தெரிஞ்சா நுனி தெரியல. நுனியப் பாத்தா சிலுவை மட்டும் வானத்துல தனியாத் தொங்கும். இனிமே முழுசா பாக்கவே மாட்டோம்னு வுட்டுட்டேன்."

தண்ணீர் போட்டைத் தட்டியது.

"இங்கேர்ந்து பாத்தா சிறுசா, வெள்ளையா, அடிலேர்ந்து சிலுவை வரைக்கும் முழுசா கீதும்மா. என் கண்ணுல மிச்சம் கீற எடத்துக்கு அப்டியே சரியா கீது."